சர்க்கரைவள்ளியைச் சுடலாம்... சேனையை அவிக்கத்தான் வேண்டும்!

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். “எங்கள் நிலத்தில் விளைகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கை மொத்தமாகப் போட்டால் கட்டுபடியாகவில்லை. அதனால் அவித்து வாரச்சந்தையில் விற்கிறேன். ஒரே அண்டாவில், ஒரே நேரத்தில்தான் வேக வைக்கிறேன். ஆனால், சில கிழங்கு கூழாகிவிடுகிறது. சிலது நடுவில் கட்டை மாதிரி இருக்கிறது. வாங்கியவர்கள் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். சுட்டு விற்றால் இனிப்பு கூடும் என்று ஒருவர் சொன்னார். வீட்டில் சேனையும் பெருவள்ளியும் கிடக்கின்றன. அவற்றையும் சுட்டு விற்கலாமா?”

இவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும், உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு நேரம் வேக வைப்பது, வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் கிழங்குக்கு எந்த முறை என்பதுதான் அவை. முதல் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். சந்தையில் அவருக்கு நஷ்டம் வருவது அங்கேதான்.

எடையைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பாருங்கள்

கிழங்கை நாம் பெரியது, சிறியது என்று பிரிப்பது வழக்கம். வேகும் நேரத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. ஒரு முழ நீளக் கிழங்காக இருந்தாலும் இரண்டு விரல் தடிமன்தான் என்றால் சீக்கிரம் வெந்துவிடும். உருண்டையாக, குட்டையாக இருக்கிற கிழங்கு எடை குறைவாக இருந்தாலும் நேரம் எடுக்கும். தோலிலிருந்து நடுப்பகுதி வரை சூடு போய்ச் சேர வேண்டிய தூரம்தான் நேரத்தை முடிவு செய்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் வேகும் நேரமும் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. கிழங்குக்குள் சூடு மிக மெதுவாகத்தான் நகரும். இரண்டு விரல் தடிமனும் நான்கு விரல் தடிமனும் உள்ள கிழங்குகளை ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்கினால், ஒன்று கூழாவதும் இன்னொன்று கட்டையாக நிற்பதும் இதனால்தான்.

விரலை அகலவாக்கில் கிழங்கின் பருத்த இடத்தில் வைத்து அளந்தால் போதும், அளவுகோல் தேவையில்லை. இரண்டு விரல் என்பது சுமார் மூன்றரை சென்டிமீட்டர், மூன்று விரல் 5 சென்டிமீட்டர், நான்கு விரல் 7 சென்டிமீட்டர். தோலோடு முழுதாகத் தண்ணீரில் அவிக்கும்போது, தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு விரல் கிழங்குக்கு சுமார் 15 நிமிடம், மூன்று விரலுக்கு 25 முதல் 30 நிமிடம், நான்கு விரலுக்கு 50 நிமிடம் ஆகும். நான்கு விரலுக்கு மேல் பருத்த கிழங்கை முழுதாக அவிக்க வேண்டாம். நடு வேகும் முன் வெளிப்புறம் கரைந்துவிடும். குறுக்கே இரண்டாக வெட்டினால் தடிமன் குறையாது. நீளவாக்கில் பிளந்தால்தான் குறையும்.

ரகத்துக்கு ரகம் சில நிமிடங்கள் முன்பின் ஆகும். ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்களில் ஈரம் அதிகம், சீக்கிரம் குழையும். வெள்ளைச் சதை ரகங்களில் மாவு அதிகம், கொஞ்சம் தாங்கும். இரண்டையும் ஒரே அண்டாவில் கலக்காமல் இருந்தால் நல்லது.

10 கிலோவை எப்படி அவிப்பது?

வாசகியின் அண்டாவையே எடுத்துக்கொள்வோம். 10 கிலோவில் நான்கு விரல் கிழங்கு 3 கிலோ, மூன்று விரல் 5 கிலோ, இரண்டு விரல் 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் போகக் கழுவுங்கள்; தோலைச் சீவ வேண்டாம். தோல் போனால் கிழங்கின் இனிப்பு தண்ணீரில் இறங்கும், தண்ணீர் கிழங்குக்குள் ஏறும்.

பருத்த கிழங்குகளை அடியில் அடுக்குங்கள். அதன் மேல் ஒரு பழைய பருத்தித் துணியை விரியுங்கள். அடுத்து மூன்று விரல் கிழங்குகள், மறுபடி ஒரு துணி, எல்லாவற்றுக்கும் மேலே சிறிய கிழங்குகள். கிழங்கு மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கிழங்கைப் போடக் கூடாது என்பது இதில் முக்கியம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு கிழங்கும் தண்ணீரும் கொதிநிலைக்கு வர விறகடுப்பில் அரை மணி நேரத்துக்கு மேலே ஆகலாம். அந்த நேரத்திலேயே மேல் அடுக்கில் இருப்பவை பாதி வெந்திருக்கும். அதனால் கொதி வந்து 8, 10 நிமிடம் ஆனதும் சிறியவற்றைச் சோதித்து எடுத்துவிடுங்கள். துணியை உருவிவிட்டு, கொதி வந்த 20-வது நிமிடத்திலிருந்து நடு அடுக்கைச் சோதியுங்கள். அடியில் இருப்பவற்றை 40-வது நிமிடத்திலிருந்து பார்த்தால் போதும். கொதி வந்த பிறகு தீயைக் குறைத்து, தண்ணீர் மெதுவாகத் தளதளக்கும்படி வையுங்கள். பொங்கிக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஏறப் போவதில்லை. கிழங்கு ஒன்றோடொன்று மோதித் தோல்தான் கிழியும்.

வெந்த கிழங்கைத் தண்ணீரிலேயே ஊற விடாதீர்கள். உடனே மூங்கில் கூடையில் கொட்டி, ஐந்து நிமிடம் ஆவி போக விட்டு, அதன் பிறகு துணியால் மூடுங்கள். ஆவி போகாமல் மூடினால் தோல் நசநசவென்று ஆகிவிடும். சந்தையில் அது கண்ணுக்கு நன்றாக இருக்காது.

வீட்டில் நாலைந்து கிழங்கு மட்டும் என்றால் குக்கர் போதும். அடியில் இரண்டு விரல் உயரத் தண்ணீர் ஊற்றி, கிழங்கை உள்பாத்திரத்தில் தண்ணீர் இல்லாமல் வையுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் மூன்று விரல் கிழங்குக்கு 10, 12 நிமிடம் கொடுத்து, ஆவி தானாக அடங்கும் வரை காத்திருங்கள். வேலை சீக்கிரம் முடியும். இனிப்பு மட்டும் கொஞ்சம் குறையும்.

சுட்டால் ஏன் இனிக்கிறது?

கேழ்வரகை முளைகட்டி மாவாக்கினால் இனிப்பது தெரிந்ததுதானே. முளைக்கும்போது உண்டாகிற நொதி, மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரைவள்ளியில் அதே மாதிரி நொதி ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. ஆனால், பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து இறுகிக் கிடப்பதால் நொதியால் அதைத் தொட முடியாது. சுமார் 65 டிகிரி சூட்டுக்கு மேலே மாவு இளகத் தொடங்கும்போதுதான் நொதி வேலையை ஆரம்பிக்கிறது. 80 டிகிரியைத் தாண்டினால் நொதி செயலிழந்து போகிறது. ஆக, கிழங்கு இந்த இரண்டு சூட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு இனிக்கும்.

தணலில் புதைத்தாலும் ஓவனில் வைத்தாலும் சூடு மெல்ல மெல்லத்தான் உள்ளே போகிறது. நொதிக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. கூடவே தண்ணீரும் வற்றுவதால் இனிப்பு செறிவாகிறது. குக்கரிலும் கொதிநீரிலும் சூடு வேகமாக ஏறி, நொதிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. பச்சைத் தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மெதுவாகச் சூடேறுகிற பெரிய அண்டாவில் அவித்த கிழங்கு, குக்கர் கிழங்கைவிட இனிப்பதற்கும் இதுவே காரணம்.

சுடுவதற்கு மூன்று விரலுக்கு மேற்படாத கிழங்காகத் தேர்ந்தெடுங்கள். கொழுந்துவிட்டு எரிகிற தீ கூடாது. விறகு எரிந்து அடங்கி, தணலின் மேல் சாம்பல் பூத்த பிறகு கிழங்கைச் சுடுசாம்பலில் புதைத்து, மேலே கொஞ்சம் தணலைப் பரப்புங்கள். இரண்டு விரல் கிழங்குக்கு 20 முதல் 25 நிமிடம், மூன்று விரலுக்கு 40 நிமிடம் ஆகும். பாதி நேரத்தில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தணலின் சூடு ஒவ்வொரு அடுப்புக்கும் மாறும் என்பதால், இங்கே கடிகாரத்தைவிடக் கையை நம்புவது நல்லது. ஓவன் இருந்தால் 200 டிகிரியில் மூன்று விரல் கிழங்குக்கு 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரையும், நான்கு விரலுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரமும் ஆகும். வைக்கும் முன் ஈர்க்குச்சியால் தோலில் இரண்டு, மூன்று இடங்களில் குத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆவி வெளியேற வழியில்லாமல் சில கிழங்கு வெடிக்கும்.

விற்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். அவித்த கிழங்கின் எடை பெரிதாக மாறாது. சுட்ட கிழங்கில் தண்ணீர் வற்றி, எடை ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். கிலோ 50 ரூபாய் மதிப்புள்ள பச்சைக் கிழங்கு 10 கிலோவைச் சுட்டால் கையில் 8 கிலோதான் இருக்கும். 500 ரூபாய்க்கான சரக்கு 8 கிலோவாகிவிட்டதால், கிழங்குக்கு மட்டுமே கிலோவுக்கு 62 ரூபாய் 50 காசு அடக்கம் ஆகிறது. விறகும் உழைப்பும் இதற்கு மேலே. அவித்ததும் சுட்டதும் ஒரே விலை என்று வைத்தால் நஷ்டம் நம் தலையில்தான். எடை போடாமல், எண்ணிக்கைக் கணக்கில் விற்பதே சுட்ட கிழங்குக்குத் தோதானது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுட்ட கிழங்கைத் தவிர்ப்பது நல்லது. ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வில், அவித்த கிழங்கு 50-க்குள் நின்றது. சுட்டது 80, 90 என்று போனது. குளுக்கோஸ் என்பது 100. அவித்ததையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

வெந்துவிட்டதா? ஈர்க்குச்சி சொல்லும்

கத்தியால் குத்திப் பார்ப்பது பலரது பழக்கம். கத்தியின் கூர்மை நம்மை ஏமாற்றிவிடும்; வேகாத கிழங்கிலும் அது இறங்கும். தென்னை ஈர்க்குதான் இதற்குச் சரியான கருவி. கிழங்கின் பருத்த இடத்தில், பக்கவாட்டில், நடு வரை இறங்கும்படி குத்துங்கள். முனையில் குத்தினால் பயனில்லை. முனை எப்போதும் முதலில் வெந்துவிடும்.

குத்தும்போது தோலில் ஒரு தடுப்பு தெரியும், அது இயல்பு. அதைத் தாண்டிய பிறகு நடுவில் இன்னொரு தடுப்பு, நெறுநெறுவென்று தட்டுப்பட்டால் வேகவில்லை. ஒரே சீராக இறங்கினால் வெந்துவிட்டது. குத்திய ஈர்க்கோடு கிழங்கை மேலே தூக்குங்கள். ஈர்க்கைவிட்டுத் தானாக நழுவி விழுந்தால் பக்குவம் சரி. ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். லேசான தடுப்பு மட்டும் தெரிந்தால் இறக்கிவிடலாம். வெளியே எடுத்த பிறகும் உள்ளிருக்கிற சூட்டில் கொஞ்சம் வேகும்.

ஒவ்வொரு கிழங்கையும் குத்தி ஓட்டை போட வேண்டாம். ஒவ்வொரு அடுக்கிலும் இருப்பதிலேயே பருத்த மூன்றைச் சோதித்தால், மற்றவற்றைப் பற்றிக் கவலை இல்லை. சந்தேகம் வந்தால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். வெந்த பகுதி நிறம் கூடி, லேசாகக் கண்ணாடி போல மினுங்கும். வேகாத நடுப்பகுதி சுண்ணாம்பு போல வெளிறித் தனி வட்டமாகத் தெரியும்.

சுட்ட கிழங்கைத் துணியால் பிடித்து அழுத்திப் பார்க்கலாம். பஞ்சு போல உள்வாங்க வேண்டும். தோல் சதையைவிட்டு விலகிச் சுருங்கியிருக்கும். முனைகளில் பாகு கசிந்து கருத்திருந்தால் அது நன்றாக இனிக்கும் கிழங்கு.

எவ்வளவு நேரம் அவித்தாலும் சில கிழங்கு இறுகியே இருக்கும். இதற்கு முக்கியமாக மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, ஃபிரிட்ஜில் வைத்தது. 12 டிகிரிக்குக் கீழே குளிரில் கிடந்த சர்க்கரைவள்ளியின் நடுப்பகுதி, பிறகு என்ன செய்தாலும் மிருதுவாகாது. இரண்டாவது, பாதியில் அடுப்பை அணைத்தது. கரண்ட் போன நேரத்திலோ, விறகு தீர்ந்தபோதோ வெதுவெதுப்பான தண்ணீரில் கிழங்கு வெகுநேரம் கிடந்தால் அதன் சதை இறுகிக்கொள்ளும். மறுபடி கொதிக்க வைத்தாலும் பழைய மாதிரி குழையாது. மூன்றாவது, தண்ணீர். சுண்ணாம்பு அதிகமுள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எந்தக் கிழங்கும் தாமதமாகத்தான் வேகும். பருப்பு வேகாத தண்ணீர் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது எதுவோ, அது கிழங்குக்கும் ஆகாது.

அறுவடை செய்த அன்றே அவிக்கிற கிழங்கில் இனிப்பு குறைவாக இருக்கும். நிழலில், காற்று படுகிற இடத்தில் வைக்கோல் மூடி ஒரு வாரம் வைத்தால் வெட்டுக் காயங்களும் ஆறும், இனிப்பும் ஏறும்.

கூன்வண்டு துளைத்த கிழங்கை மட்டும் அண்டாவில் சேர்க்காதீர்கள். அந்தத் தாக்குதலை எதிர்க்கக் கிழங்கே உண்டாக்குகிற கசப்புப் பொருள் அவித்தாலும் சுட்டாலும் போகாது. பக்கத்துச் சதையிலும் பரவியிருக்கும். பூஞ்சணம் பிடித்த கிழங்கை மாட்டுக்கும் போடாதீர்கள். அது மாட்டின் நுரையீரலைத் தாக்கி, மூச்சுத் திணறி இறக்கும் அளவுக்குக் கொண்டுபோகும்.

சேனையும் பெருவள்ளியும்

இப்போது வாசகியின் மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஒரே ‘கிழங்கு’ என்ற பேரில் அழைத்தாலும் இவை மூன்றும் வேறு வேறு குடும்பம். சர்க்கரைவள்ளிக்குப் பொருந்துகிற சூட்சுமம் மற்ற இரண்டுக்கும் பொருந்தாது.

குமரி மாவட்டத்தில் காச்சில் என்று சொல்கிற பெருவள்ளியில், மாவை அந்த அளவுக்குச் சர்க்கரையாக்கும் நொதி கிடையாது. எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் இனிக்காது. தணலில் சுட்டால் வெளியே தடித்த பொருக்கும் உள்ளே மாவு மாவாகத் தொண்டையை அடைக்கிற சதையும்தான் கிடைக்கும். சூடாக, தொட்டுக்கொள்ளக் காரமான துவையலோடு சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிக்கும், ஆறினால் விற்காது. ஆகவே, அவிப்பதே நல்லது. தோலோடு மூன்று விரல் தடிமன் துண்டுகளாக வெட்டி, உப்புப் போட்ட தண்ணீரில் 20 முதல் 25 நிமிடம். ஒரு அங்குலத் துண்டுகளுக்கு 12 முதல் 15 நிமிடம் போதும். இதில் இருக்கிற வழுவழுப்பால் நுரைத்துப் பொங்கும் என்பதால் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெந்ததும் துண்டின் ஓரங்களில் மாவு வெடித்து நிற்கும். ஈர்க்கு தடையில்லாமல் இறங்கும். தோலை வெந்த பிறகு உரித்தால் கை அரிக்காது. காட்டில் தோண்டுகிற, பெயர் தெரியாத வள்ளிக் கிழங்குகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றில் விஷமுள்ளவையும் உண்டு.

சேனையின் சங்கதி வேறு. சில ஊர்களில் இதையே கருணைக்கிழங்கு என்கிறார்கள். இதன் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. தொண்டையில் குத்தி அரிப்பை உண்டாக்குவது அதுதான். இந்த ஊசி வெறும் சூட்டில் கரையாது. அதனால் சேனையைச் சுட்டால் மிருதுவாகும், ஆனால் அரிப்பு அப்படியே இருக்கலாம். ‘மெத்தென்று இருக்கிறதே’ என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்தால் தொண்டை எரிந்து அழும். தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால், கரையக்கூடிய ஆக்சலேட்டாவது அதோடு வெளியே போகும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சேனையை நனைக்காமல் தோலைத் தடிமனாகச் சீவுங்கள். ஒரு அங்குலத் துண்டுகளாக்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்ட நிறையத் தண்ணீரில், மூடாமல் 12 முதல் 15 நிமிடம் வேக வையுங்கள். அரிப்பு எடுக்கும் என்று பயந்து பலரும் ஆரம்பத்திலேயே புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். புளிப்பில் எந்தக் காயும் கிழங்கும் தாமதமாகத்தான் வேகும். அரை மணி நேரமானாலும் சேனை நறுக்கென்றே இருக்கும். முதலில் வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்ததாகப் புளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். புளியின் பலனும் கிடைக்கும், கிழங்கும் மிருதுவாகும்.

சேனைக்கு ஈர்க்குச்சிச் சோதனை பாதிதான். ஈர்க்கு இறங்கிய பிறகு, ஒரு துண்டின் நடுவிலிருந்து மிளகு அளவு எடுத்து, பெரியவர் ஒருவர் நுனி நாக்கில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். சுருக்கென்று எதுவும் தெரியவில்லை என்றால் எல்லோருக்கும் பரிமாறலாம். தெரிந்தால் தண்ணீரை மாற்றி இன்னொரு முறை கொதிக்க விடுங்கள். புதிதாக நடப் போகிறவர்கள் கஜேந்திரா ரகத்தை விசாரித்துப் பாருங்கள். அரிப்பு குறைவு என்பதாலேயே அது பரவலாகப் பயிராகிறது. நாட்டு ரகமாக இருந்தால் மேலே சொன்ன பக்குவத்தில் ஒன்றையும் விடாதீர்கள்.

சந்தைக்கு என்று கேட்டால், சர்க்கரைவள்ளியில் சிறியதையும் நடுத்தரத்தையும் சுடுவதற்கு ஒதுக்குங்கள், பருத்ததை அவியுங்கள். பெருவள்ளியை அவித்துச் சூடாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள். சேனையை அவித்து விற்பதைவிடப் பச்சையாகவே விற்பது நல்லது. வாங்குகிறவர் வீட்டில் எப்படிப் பக்குவம் செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.